அக்காவின் தனித் தட்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த கட்டுரையில் ‘புற்றுநோய் தொற்றாது’ என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். சரியான வரிதான். ஆனால் என் அக்காவுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வந்தபோது எங்கள் வீட்டில் அந்த ஒரு வரி போதவில்லை. அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்தார்கள். “தொற்றாதுன்னு டாக்டரே சொல்றாரே” என்றேன். “இது வைரஸால வருதுன்னும் அவங்கதானே சொல்றாங்க. வைரஸ்னா ஒட்டிக்காதா?” என்று உறவினர் ஒருவர் திருப்பிக் கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பிறகு படித்தும், மருத்துவரிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. இந்தப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் எச்.பி.வி. என்ற வைரஸ்தான் காரணம். ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் ட்சூர் ஹவுசன் 1983-இல் இதைக் கண்டறிந்தார். அதற்காக 2008-இல் நோபல் பரிசும் பெற்றார். வைரஸ் தொற்றும். அதுவும் பெரும்பாலும் உடலுறவின் வழியாக. தட்டில் சாப்பிடுவதாலோ பக்கத்தில் படுப்பதாலோ இது வருவதில்லை. ஆனால் புற்றுநோய் என்பது அந்த வைரஸ் அல்ல, கட்டுப்பாடு இழந்து பெருகும் நம்முடைய சொந்த செல்கள். அக்காவின் செல் ஒன்று என் உடம்புக்குள் வந்தால்கூட என் நோய் எதிர்ப்புச் சக்தி அதை அந்நியம் என்று கண்டு அழித்துவிடும். மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர்கள், உடல் அதை ஏற்க மறுக்காமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிடுவதை யோசித்துப் பாருங்கள். தானம் தந்தவரின் உறுப்பில் புற்று இருந்து, அது பெற்றவருக்குப் போனது உண்டு. அது மிக அபூர்வம். அங்கேயும் எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கி வைத்திருப்பார்கள்.

ரேடியேஷன் கொடுத்த நாட்களில் அக்காவைத் தொடவே பயந்தார்கள். வெளியிலிருந்து கதிர் பாய்ச்சும் சிகிச்சையில் உடம்புக்குள் கதிர்வீச்சு எதுவும் தங்குவதில்லை. கதிரியக்கப் பொருளை உள்ளே வைத்துக் கொடுத்த சிகிச்சையிலும், சில நிமிடங்களில் அதை வெளியே எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவளைக் கட்டிப்பிடித்திருக்கலாம்.

அப்புறம், செய்த பாவம்தான் நோயாக வந்தது என்ற பேச்சு. உடலுறவில் பரவும் வைரஸ் என்று தெரிந்ததும் சிலருக்கு வாய் இன்னும் நீண்டது. என்னை மிகவும் வருத்தியது இதுதான். உடலுறவு வாழ்க்கைக்குள் வரும் ஆண், பெண் எல்லோரிலும் அநேகமாக ஏதோ ஒரு கட்டத்தில் எச்.பி.வி. நுழைந்துவிடுகிறது. வாழ்நாள் முழுவதும் ஒரே துணையோடு வாழ்ந்தவருக்கும் வரலாம். பத்தில் ஒன்பது பேரின் உடம்பு இரண்டே வருடங்களில், அவர்களுக்குத் தெரியாமலேயே, அதைத் துரத்திவிடுகிறது. சிலருக்கு மட்டும் தங்கிவிடுகிறது. தங்கினால், செல் பெருக்கத்துக்கு நம் உடம்பு வைத்திருக்கும் பிரேக்குகளை வைரஸின் இரண்டு புரதங்கள் செயலிழக்கச் செய்கின்றன. அதன்பின் பிழைகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து புற்றாக மாற, வழக்கமாக 15 முதல் 20 வருடங்கள் பிடிக்கும். புகைபிடித்தலும், எதிர்ப்புச் சக்தி குறைவதும் அதற்கு உதவும். ஒருவருக்கு ஏன் தங்குகிறது, இன்னொருவருக்கு ஏன் போய்விடுகிறது என்பதில் ஒழுக்கத்துக்கு வேலையே இல்லை. அக்கா மட்டும் ராத்திரியெல்லாம் விழித்துக்கொண்டு, தான் யாருக்கு என்ன கெடுதல் செய்தோம் என்று தேடிக்கொண்டிருந்தாள்.

அவளுடைய மகள் கேட்டது வேறு: “அம்மாவுக்கு வந்தது எனக்கும் வருமா சித்தி?” மருத்துவர் விளக்கியது எனக்கு நன்றாகப் புரிந்தது. அக்காவின் கருப்பை வாயில் இருந்த செல்களில்தான் அந்தப் பிழைகள் ஏற்பட்டன. மகளை உருவாக்கிய கருமுட்டையில் அவை இல்லை, அதனால் கடத்தவும் முடியாது. பிறக்கும்போதே பெற்றோரிடமிருந்து வரும் மரபணுப் பிறழ்வால் ஏற்படும் புற்றுநோய்கள், மொத்தத்தில் 5 முதல் 10 சதவீதம்தான். மார்பகம், சினைப்பைப் புற்றுநோயோடு தொடர்புள்ள பி.ஆர்.சி.ஏ. மரபணுக்கள் அந்த வகை. அந்தப் பிறழ்வு ஒருவரிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போக 50 சதவீத வாய்ப்பு உண்டு. அப்பா வழியிலும் வரும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அப்போதும் வருவது கூடுதல் ஆபத்துதான், நோய் அப்படியே வருவதில்லை. ஒரே குடும்பத்தில் பலருக்கு, அதுவும் இளம் வயதிலேயே, மார்பகப் புற்று வந்திருந்தால் மரபணுப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

என் அக்கா மகளுக்கு அது தேவைப்படவில்லை. 13 வயது என்பதால் எச்.பி.வி. தடுப்பூசி போட்டோம், வைரஸ் நுழைவதற்கு முன்பே போட்டால்தான் முழுப் பலன். அது எல்லா வகை எச்.பி.வி.யையும் தடுக்காது என்பதால், 30 வயதுக்குப் பிறகு அவளும் கருப்பை வாய்ப் பரிசோதனைக்குப் போக வேண்டியிருக்கும். எனக்கு அந்த வயது எப்போதோ கடந்துவிட்டது. இத்தனை படித்த பிறகுதான் நானே போய்ப் பரிசோதித்துக்கொண்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி