பட்டச் சான்றிதழை டிஜிலாக்கரில் வழங்குங்கள்: பல்கலைக்கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிவாளர் அவர்களுக்கும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்களுக்கும்,

வணக்கம். பாளையங்கோட்டையில் கணினி மையம் நடத்தி வருகிறேன். வேலைக்கும் மேற்படிப்புக்கும் விண்ணப்பிக்க வரும் உங்கள் மாணவர்களின் சான்றிதழ்களை நாள்தோறும் கையாள்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரை ஊர்களில் என்ன நடந்தது என்பது தாங்கள் அறிந்ததே. அந்த வெள்ளத்தில் பீரோவின் அடித்தட்டில் இருந்த சான்றிதழ்கள் அனைத்தையும் இழந்த, உங்களிடம் பட்டம் பெற்ற பெண் ஒருவர், அண்மையில் ஒரு நிறுவனத்தில் வேலைக்குத் தேர்வாகி என்னிடம் வந்தார். அவருடைய பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைத் தேர்வு எண்ணையும் ஆண்டையும் கொடுத்துச் சில நிமிடங்களில், அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் எடுத்துவிட்டோம். பட்டச் சான்றிதழைத் தேடியபோது, அவர் பயின்ற ஆண்டுக்குப் பதிவு ஏதும் இல்லை என்றே திரும்பத் திரும்ப வந்தது. கைப்பேசியில் எஞ்சியிருந்த ஒரு புகைப்படத்தை அவர் தாமே டிஜிலாக்கரில் ஏற்றி, அதை நிறுவனத்துக்கு அனுப்பினார். நிறுவனம் அதை ஏற்கவில்லை.

நிறுவனத்தின் மேல் தவறு சொல்ல முடியாது. டிஜிலாக்கரில் Issued என்ற பகுதியில் இருப்பது, சான்றிதழை வழங்கிய அமைப்பின் பதிவேட்டிலிருந்தே வரும் ஆவணம். அதில் மின்னணுக் கையொப்பம் இருக்கிறது. கோப்பில் ஒரே ஒரு மதிப்பெண்ணை யாரேனும் மாற்றினாலும் அந்தக் கையொப்பம் செல்லாததாகிவிடும். Drive என்ற பகுதியில் இருப்பதோ, மாணவர் தம் கையால் ஏற்றிய படம் மட்டுமே. பெட்டகம் அதைப் பத்திரமாக வைத்திருக்கும். அது உண்மையா என்று சாட்சி சொல்லாது. இணையச் சேமிப்பகத்தில் போட்டு அனுப்பும் இணைப்புக்கும் இதே நிலைதான். 2016ஆம் ஆண்டின் மின்னணுப் பெட்டக விதிகளில் 2017இல் சேர்க்கப்பட்ட 9ஏ விதி, அசல் தாளுக்கு நிகரான மதிப்பை முதல் வகைக்குத்தான் தருகிறது. ஆகவே மாணவர்களிடம் "ஸ்கேன் செய்து லாக்கரில் போட்டுக்கொள்ளுங்கள்" என்று தங்கள் அலுவலகம் சொல்வது அவர்களுக்கு எந்த வழியையும் திறக்காது. அந்தப் பதிவை வழங்க வேண்டியவர்கள் தாங்கள்தான்.

நகல் சான்றிதழுக்கு அந்தப் பெண் விண்ணப்பித்தபோது, சான்றிதழ் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற காவல் நிலையச் சான்றைக் கேட்டார்கள். அதன்பின் வட்டாட்சியரின் சான்றைக் கேட்டார்கள். ஆற்றில் போன தாளைக் காவல் நிலையம் எங்கே தேடும்? பட்டம் பெற்றவர் யார் என்பது தங்கள் பதிவேட்டிலேயே இருக்கிறது. அதைத் தாங்களே தங்களிடம் உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு பெண் இத்தனை வாசல்களில் நிற்க வேண்டியிருப்பது எங்களுக்கு வேதனையாக இருக்கிறது. நிறுவனம் கொடுத்த கெடு இதற்குள் முடிந்துவிட்டது.

பட்டங்களையும் மதிப்பெண் பட்டியல்களையும் மின்னணு வடிவில் வைத்திருக்கும் தேசியக் கல்விசார் வைப்பகம் டிஜிலாக்கர் வழியாகவே இயங்குகிறது. மாணவர் பெயர், பதிவு எண், பாடப்பிரிவு, தேர்ச்சி ஆண்டு, மதிப்பெண் ஆகியவற்றை அதன் படிவத்தில் நிரப்பி ஏற்றிவிட்டால், மாணவர் தம் கணக்கில் அதை எடுத்துக்கொள்ளலாம். வேலை தரும் நிறுவனமும் இந்த ஏற்பாட்டில் இணைந்திருந்தால், மாணவர் ஒப்புதல் அளித்த மாத்திரத்தில் ஆவணம் நேரே அங்கே சென்றுவிடும். இடையில் ஜெராக்ஸும் கெசட்டட் அலுவலரின் கையெழுத்தும் வேண்டியதில்லை. புதிய ஆண்டுகளின் பட்டியலை மட்டும் ஏற்றி நிறுத்திவிடாமல், பழைய ஆண்டுகளையும் ஏற்றித் தர வேண்டும் என்பதே எங்கள் முதன்மைக் கோரிக்கை.

அப்போது பெயரையும் கவனிக்க வேண்டுகிறேன். நம் பக்கத்துப் பிள்ளைகளின் பட்டத்தில் பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்து இருக்கும். ஆதாரில் அது பெயருக்குப் பின்னால் வந்திருக்கும், அல்லது தந்தையின் பெயர் முழுமையாக இருக்கும். இரண்டும் பொருந்தவில்லை என்று கணினி மறுத்துவிட்டால், பதிவு இருந்தும் அது மாணவர் கைக்கு வராது. இப்படி வருவோரை ஆதார் மையத்துக்குத் திருப்பி அனுப்பாமல், பிறந்த தேதியையும் பதிவு எண்ணையும் ஒப்பிட்டுச் சரிசெய்ய அலுவலர் ஒருவரைத் தாங்கள் நியமிக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். டிஜிலாக்கரில் முறையாக எடுத்த மதிப்பெண் பட்டியலைக் காட்டினாலும், சேர்க்கை மேசைகளில் "ஒரிஜினல் எங்கே" என்றுதான் கேட்கிறார்கள். அச்செடுத்த தாளில் மின்னணுக் கையொப்பத்தைச் சோதிக்க முடியாது. ஆனால் தாளில் க்யூஆர் குறியீடு இருந்தால் அதை ஸ்கேன் செய்து பார்க்கலாம். கோப்பைக் கணினியில் திறந்தும் பார்க்கலாம். இந்த இரண்டையும் மேசையில் இருப்பவர்களுக்குக் கற்றுக்கொடுக்க ஒரு பிற்பகல் போதும்.

ஆகவே பழைய ஆண்டுகளின் பட்டங்களை டிஜிலாக்கரில் வழங்கும்படியும், அந்தப் பணி முடியும்வரை, வெள்ளத்தில் சான்றிதழ் இழந்தவர்களுக்குத் தங்கள் பதிவேட்டைப் பார்த்தே நகல் தரும்படியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எந்த ஆண்டுப் பட்டியல் எப்போது ஏற்றப்படும் என்ற கால அட்டவணையைத் தாங்கள் வெளியிட்டால், என்னிடம் வருபவர்களுக்கு அதைக் காட்டிப் பதில் சொல்வேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கணினி மையம் நடத்துபவர்,
பாளையங்கோட்டை