பழனி மலையடிவார ஊராட்சித் தலைவர்களுக்கும் கிராம சுகாதார செவிலியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றதும் ஊருக்குள் முதலில் எழும் கோரிக்கைகள் இரண்டு: பன்றிகளை அப்புறப்படுத்துங்கள், கொசுப்புகை அடியுங்கள். பிள்ளைகளைக் காப்பாற்ற இவை போதாது; பிள்ளைக்குத் தடுப்பூசியும் போட வேண்டும்.

பாலாறு பொருந்தலாறு அணைத் தண்ணீரில் நடவு முடிந்த ஒரு வயலை எடுத்துக்கொள்வோம். வயலில் தேங்கிய நீரில் க்யூலெக்ஸ் கொசு முட்டையிட்டால், பத்து நாளுக்குள் புதுக் கொசு பறந்துவிடும். வரப்போரம் மேயும் மடையானிடமோ வெண்கொக்கிடமோ அது ரத்தம் குடிக்கும்போது கிருமி ஏறுகிறது. கொக்குக்கு நோயின் அடையாளமே தெரியாது. கிருமி கொசுவின் எச்சிலை எட்ட, வெயில் காலத்தில் சுமார் பத்து நாள் ஆகும். குளிரில் இன்னும் தாமதமாகும். அதன்பின் அந்தக் கொசு பட்டியில் இருக்கும் நான்கு மாதப் பன்றிக்குட்டியைக் கடிக்கிறது என்று வைப்போம். தாயிடமிருந்து கிடைத்த எதிர்ப்புச் சக்தி அதற்குள் குறைந்திருக்கும். அதனால் குட்டியின் ரத்தத்தில் சில நாள்களுக்குக் கிருமி ஏராளமாகப் பெருகும். அந்த நாள்களில் அதைக் கடிக்கும் கொசுக்கள் பலவற்றுக்கும் தொற்றிக்கொள்ளும். பிறகு குட்டி தேறி, எதிர்ப்புச் சக்தியும் பெற்றுவிடும். ஆனால் அது விற்பனைக்குப் போனதும் அடுத்த ஈற்றுக் குட்டிகள் பட்டிக்கு வந்துவிடுகின்றன.

பன்றியை அகற்றினாலும் கொக்கும் வயலும் அங்கேயேதான் இருக்கும். இந்தக் கொசு பெரும்பாலும் பொழுது சாய்ந்தபின் வெளியிலேயே கடிக்கிறது. தெருவில் அடிக்கும் புகை அது பிறக்கும் வயலை எட்டுவதில்லை. பட்டியைக் குடியிருப்பிலிருந்து தள்ளி வைப்பதும், வயலை இடையிடையே காயவிட்டுப் பாய்ச்சுவதும் கொசுக்கடியைக் குறைக்கும், அவ்வளவே.

மனித ரத்தத்தில் கிருமி மிகக் குறைவாகவே இருப்பதால், நம்மைக் கடிக்கும் கொசுவுக்கு அது தொற்றாது. இதில்தான் ஒரு சிக்கல் இருக்கிறது. தட்டம்மை ஆளுக்கு ஆள் பரவும் நோய். நூற்றுக்கு 95 பிள்ளைகளுக்கு ஊசி போட்டால் மீதி ஐந்து பேருக்கும் ஓரளவு காப்பு கிடைக்கும். இங்கே கிருமி கொக்கிடமிருந்தும் பன்றியிடமிருந்தும் வருகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் போட்ட ஊசி இந்தப் பிள்ளையைக் காக்காது. தொற்றியவர்களில் சுமார் 250 பேரில் ஒருவருக்கே நோய் முற்றும். அப்படி முற்றினால் நூற்றுக்கு 30 பேர் வரை இறக்கலாம். பிழைத்தவர்களில் 20 முதல் 30 சதவீதத்தினருக்கு வலிப்போ செயலிழப்போ நிரந்தரமாகத் தங்கிவிடும். கிருமியைக் கொல்லும் மருந்தும் இல்லை.

செவிலியர்களே, இந்த ஊசி நோய் பரவும் மாவட்டங்களின் அட்டவணையில் மட்டுமே இருக்கிறது. முதல் தவணை 9 முதல் 12 மாதத்தில், இரண்டாவது 16 முதல் 24 மாதத்தில். தாண்டிக்குடி, பாச்சலூர்ப் பக்கத்திலிருந்து நெல் வேலைக்குக் கீழே இறங்கும் குடும்பத்தின் அட்டையைப் பார்க்கும்போது, எந்த மாவட்டத்துக்குப் போகிறார்கள் என்றும் கேளுங்கள். அட்டவணையில் உள்ள மாவட்டம் என்றால், போய்ச் சேர்ந்ததும் அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொள்ளும்படி அட்டையிலேயே எழுதிக் கொடுங்கள். காப்பு வரச் சில வாரங்கள் ஆகும் என்பதையும் சொல்லுங்கள்.

ஊசி போடும் இடத்தில், ஒரே பிள்ளை வந்தாலும் குப்பியை உடையுங்கள். உயிருள்ள தடுப்பூசித் தூளைக் கரைத்தபின் நான்கு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்பதால், வீணாகும் என்று அஞ்சி, "அடுத்த மாதம் வாங்க" என்று திருப்பி அனுப்புவது நடக்கிறது. அடுத்த மாதம் அந்தக் குடும்பம் வயலோரக் கொட்டகையில் இருக்கும்.