ஊறுகாயில் குற்றவாளி உப்புதான்

ஆசிரியருக்கு, வணக்கம். ஊறுகாயும் கருவாடும் வயிற்றுப் புற்றுநோய் தரும் என்று நேற்று வெளியான செய்தியில் காரணத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். காரணம் மாங்காயும் இல்லை, மீனும் இல்லை, அளவு மீறிய உப்பு. இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காப்பது ஒரு வழவழப்பான சளிப்படலம், கடும் உப்பு தினமும் பட்டால் அது சிதைந்து சுவர் புண்படும், அப்புறம் நம்மில் பலர் வயிற்றில் ஏற்கெனவே இருக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிக்கு அங்கே ஊன்றிக்கொள்வது எளிதாகிவிடும். அந்த அழற்சி பல ஆண்டுகள் நீடித்தால்தான் சிலருக்குப் புற்றுநோய் வரை போகிறது. எப்போதாவது தொட்டுக்கொள்பவர் பயப்பட வேண்டியதில்லை, மூன்று வேளையும் அதுவே தொடுகறி என்பவர்தான் யோசிக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து இரண்டு முறை நீரை மாற்றுவோம், முதல் நீர் வாயில் வைக்க முடியாத அளவு கரிக்கும். உப்பு முழுவதும் போகாது, கணிசமாகக் குறையும். ஊறுகாயைத்தான் அப்படிக் கழுவ முடியாது. 100 கிராமில் 4,800 மில்லிகிராம் சோடியம் என்று பாட்டிலில் இருந்தால் அது 12 கிராம் உப்பு. 15 கிராம் எடுத்தாலே 1.8 கிராம் உள்ளே போய்விடும், உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்வதோ 5 கிராமுக்குக் குறைவாக. சோடியக் கணக்கு யாருக்குப் புரிகிறது? ஒரு கரண்டியில் எவ்வளவு உப்பு என்று பாட்டிலின் முன்பக்கத்திலேயே பெரிய எழுத்தில் அச்சிட அரசு உத்தரவிட வேண்டும்.

– வாசகர், தூத்துக்குடி