எங்கள் விலைச்சிட்டையில் இனி மணித்தியாலங்கள் விளக்கத்துடன் வரும்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் முல்லைத்தீவுப் பக்கத்துக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்கு நாங்கள் அனுப்பிய விலைச்சிட்டையில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: "கணக்கு ஆலோசனை, 14 மணித்தியாலம், 35,000 ரூபாய்." முகாமையாளர் தொலைபேசியில் கேட்டார்: "தம்பி, இந்தப் பதினாலும் எங்கே போனது?" நியாயமான கேள்வி. பதில் சொல்ல எங்கள் நேரப்பதிவேட்டைத்தான் புரட்ட வேண்டியிருந்தது.

பதிவேட்டில் இருந்தது இதுதான். நெல் களஞ்சிய இருப்பைப் புத்தகத்துடன் ஒப்பிட 5.5 மணித்தியாலம், எழுதுவினைஞர்கள் இருவருக்குப் பயிற்சி 2.25, கிளிநொச்சி அலுவலகத்தில் இருந்து அறிக்கை தயாரிக்க 4.25. ஆக 12. மீதி 2 மணித்தியாலம் பரந்தன் வழியாகப் போய்வந்த பயணம். எங்கள் கட்டணம் மணித்தியாலத்துக்கு 2,500 ரூபாய், பயணத்துக்கு அதில் பாதி. அப்படியானால் 30,000 உடன் 2,500 சேர்ந்து 32,500 தான் வர வேண்டும். பயணத்தையும் முழுக் கட்டணத்தில் போட்டிருந்தோம். 2,500 ரூபாயைக் கழித்துப் புதிய சிட்டை அனுப்பினோம். ஒற்றை வரிக்குள் பிழை ஒளிந்துகொள்ளும் என்பது எங்களுக்கே அன்றுதான் உறைத்தது.

இனி ஒவ்வொரு வேலையும் திகதியுடன் தனி வரியில் வரும். "இருப்பு ஒப்பீடு, 5.5" என்று மட்டும் எழுதினால் ஏன் இவ்வளவு நேரம் என்று நீங்கள் கேட்பீர்கள். ஆகவே "இரண்டு நாள் லொறிச் சிட்டைகள் வேறு கோப்பில் கிடந்தன, அவற்றைத் தேடிச் சேர்த்த பின் 42 மூடை வித்தியாசம் தீர்ந்தது" என்று காரணத்தையும் முடிவையும் எழுதுவோம். உண்மையில் அந்த வேலைக்கு 3 மணித்தியாலம் போதும் என்றே முதலில் சொல்லியிருந்தோம். மூன்றாவது மணித்தியாலத்தில் ஒரு அழைப்பு எடுத்து "நீளும் போலிருக்கிறது, தொடரலாமா?" என்று கேட்டிருந்தால் பிறகு இந்தக் கேள்வியே வந்திராது. இனி சொன்ன நேரம் முடியும் முன்பே அழைப்போம்.

நேரத்தை அன்றன்றே, கால் மணித்தியால அளவில் குறிக்கிறோம். வார இறுதியில் நினைவிலிருந்து எழுதினால் எல்லாம் 2, 4, 8 என்று முழு எண்ணாகவே வந்து நிற்கும். அப்படி ஒரு சிட்டையைக் கண்டால் தயங்காமல் சந்தேகப்படுங்கள். இன்னொன்று, 2.25 என்றால் இரண்டு மணித்தியாலமும் 15 நிமிடமும்தான். 25 நிமிடம் அல்ல. ஏழு நிமிடத்துக்குள் முடியும் தொலைபேசி உரையாடலுக்குக் கட்டணம் இல்லை. எங்கள் பிழையைத் திருத்திய நேரமும், புதிய உதவியாளர் வேலை பழகிய நேரமும் சிட்டையில் தெரியும், ஆனால் கட்டண இடத்தில் 0 இருக்கும்.

முழு வேலைக்கும் ஒரே தொகை பேசியவர்களுக்கு இந்த மாற்றம் பொருந்தாது. மற்றவர்கள் சிட்டை கிடைத்து ஏழு நாட்களுக்குள், ஏதாவது வரி விளங்காவிட்டால் அந்த வரியைச் சுட்டிக் கேளுங்கள். பதில் வரும்வரை அந்த வரிக்கான பணத்தை நிறுத்தி வைத்து, மீதியைச் செலுத்தினால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் கணக்கு ஆலோசகர்கள்,
கிளிநொச்சி