பின்துணி மடங்காமல் இருக்க

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குழந்தைக் குவில்ட்டின் முன்பக்கம் அழகாக வந்திருக்கிறது. பின்பக்கம் தையலுக்குள் மாட்டிக்கொண்ட அந்த மடிப்பு மிஷின் செய்த தவறு இல்லை, கண்ணு. கட்டிலில் விரித்து ஊக்கு குத்தியதாக எழுதியிருந்தாயே, அங்கேதான் வந்தது. மெத்தை அமுங்க அமுங்க அடித்துணி தொய்ந்துவிடும். மேலே எவ்வளவு நீவினாலும் அது கண்ணுக்குத் தெரியாது.

அடுத்த முறை வெறுந்தரையில் உட்கார். குவில்ட் 36க்கு 44 அங்குலம் என்றால் பின்துணியை 42க்கு 50 ஆக வெட்டு, சுற்றிலும் மூன்று அங்குலம் மிஞ்சும். இஸ்திரி போட்டு, நல்ல பக்கம் தரையைப் பார்க்க விரி. மாஸ்கிங் டேப்பை முதலில் ஒரு ஓரத்தின் நடுவிலும், உடனே அதற்கு எதிர் ஓரத்தின் நடுவிலும் ஒட்டு. மற்ற இரண்டு ஓரங்களும் அப்படியே. பிறகு மூலைகளை நோக்கி, எதிரெதிராகவே ஒட்டிக்கொண்டு போ. உள்ளங்கையால் துணியைத் தள்ளிப் பார். அலை எழும்பினால் இன்னும் தொய்வு இருக்கிறது.

அதற்காக இழுத்தும் ஒட்டாதே. என் முதல் குவில்ட்டில் மத்தளத் தோல் மாதிரி இழுத்து ஒட்டினேன். டேப்பை எடுத்ததும் பின்துணி பழைய அளவுக்குச் சுருங்கியது, முன்துணி தளர்ந்து புடைத்துக்கொண்டது. தட்டையாக, தளர்வில்லாமல் கிடந்தால் போதும்.

அதன்மேல் நடு அடுக்கான பஞ்சு விரிப்பு, அதாவது பேட்டிங், அதன்மேல் முன்துணி. இரண்டையும் நடுவிலிருந்து வெளியே நீவி விடு. வளைந்த ஊக்குகளை நடுவில் தொடங்கி நான்கு அங்குலத்துக்கு ஒன்றாகக் குத்து. இந்த அளவுக்கு நூறு ஊக்கு பிடிக்கும். தையல் ஓடப்போகும் கோட்டில் மட்டும் வேண்டாம். எல்லாவற்றையும் குத்தி முடிக்கும்வரை ஒன்றையும் பூட்டாதே, பூட்டும்போதுதான் துணி நகரும்.

முழங்கால் வலித்தால் ஸ்ப்ரே போடலாம், ஆனால் துணிக்கென்று விற்கும் தற்காலிகப் பசைதான் வேண்டும். ஜன்னலைத் திற, அடுப்பு எரியும் இடம் பக்கமே போகாதே, அது தீப்பிடிக்கும். பின்துணியை இதேபோல் டேப் போட்டு ஒட்டிவிட்டு, பேட்டிங்கைப் பாதி மடக்கி, அதன் அடிப்பக்கத்தில் ஸ்ப்ரேயைப் பத்து அங்குலம் தள்ளிப் பிடித்து லேசாக அடி. கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி நீவு. மறு பாதியும், முன்துணியும் இதே மாதிரிதான். கோணலாகிவிட்டால் உரித்து மறுபடி ஒட்டலாம். சின்னக் குவில்ட்டுக்கு எனக்கு இதுவே பிடிக்கும். வாரக்கணக்கில் எடுத்து எடுத்துத் தைப்பாய் என்றால் ஊக்குதான் நல்லது, பசை நாளாக ஆக விட்டுப்போகும்.

டேப்பை எடுத்ததும் ஒருமுறை திருப்பிப் போட்டு, பின்பக்கத்தைத் தடவிப் பார்த்த பிறகே மிஷினுக்குக் கொண்டு போ.

இப்போதைய மடிப்புக்கு முழுவதையும் பிரிக்க வேண்டாம். மடிப்புக்கு இரு பக்கமும் ஒரு சாண் தூரம் தையலைப் பிரி. தொய்வை ஓரத்தை நோக்கி நீவித் தள்ளி, நெருக்கமாக ஊக்கு குத்தித் தை. ஓரம்வரை தைத்து முடித்திருந்தால் அந்த வரிகளையும் பிரித்தால்தான் தொய்வு வெளியே போகும்.

அன்புடன்,
அம்மா