அக்டோபர் கடைசி ஞாயிறுக்கு முன்னால்

அன்புள்ள தங்கச்சிக்கு,

நேற்று போனில் "எனக்கு ஊருக்குப் போணும்க்கா" என்று நீ அழுதாய். நானும் ஏதேதோ சொல்லி வைத்துவிட்டேன். உனக்குப் பின்னால் மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் இன்னும் எத்தனையோ பிள்ளைகள் ஜெர்மன் படித்துக்கொண்டிருப்பதால், சொல்ல நினைத்ததைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்கு வந்த புதிதில் எனக்கும் அழுகைதான். எல்லாவற்றுக்கும் ஊர் நினைப்பு என்று ஒரே பெயர் வைத்திருந்தேன். பிறகு ஒரு நாள், டியூட்டி தாளின் ஓரத்தில் அழுத நேரத்தையும் அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதையும் குறிக்க ஆரம்பித்தேன். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், பாதிக்கு மேல் அம்மாவை நினைத்து வந்த அழுகை இல்லை. காலையில் ஒரு நோயாளியைக் குளிப்பாட்டி முடித்த பிறகு வந்தது.

உனக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன் மக்ளே. நாகர்கோவிலில் ஐ.சி.யு.வில் வென்டிலேட்டர் பார்த்தவள் நீ. அங்கே குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் பெரும்பாலும் கூட இருக்கும் சொந்தக்காரர்கள் வேலை. இங்கே நோயாளி தனியாகத்தான் வருவார்; அதெல்லாம் நர்ஸ் வேலை, படித்து முடித்த ஜெர்மன் நர்சும் செய்வாள். போதாததற்கு, நம் படிப்பை இவர்கள் அங்கீகரிக்கும்வரை நீ உதவியாளர்தான்; ஊசியைத் தொட விடமாட்டார்கள். கை தெரிந்த வேலையைச் செய்ய முடியாத வலி அது. அம்மாவிடம் எவ்வளவு நேரம் பேசினாலும் அது குறையாது. தகுதிப் பரீட்சையோ, இங்குள்ள வேலைக்குப் பழக்கும் தழுவல் பயிற்சியோ, எது என்று நீயே தேர்ந்தெடுக்கலாம். அதற்கு ஒரு தேதி குறித்துவிட்டால் இந்த அழுகை பாதி அடங்கும். எனக்கு அடங்கியது.

இன்னொன்று இருட்டு. நம் ஊரில் டிசம்பரிலும் சாயங்காலம் ஆறு மணிக்கு வெளிச்சம் இருக்கும். ஹாம்பர்கில் அந்த மாதம் காலை எட்டரைக்கு விடிந்து நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். காலை டியூட்டிக்கு இருட்டில் போவாய், மதியம் இரண்டு மணிக்கு முடித்து நேராகப் படுக்கைக்குப் போனால் அன்றைக்கு வெயிலே இல்லை. மழையானாலும் அரை மணி நேரம் வெளியே நடந்துவிட்டு அறைக்குப் போ.

சரி, இப்போது உண்மையான ஊர் நினைப்புக்கு வருகிறேன். அது மீன் வறுக்கும் வாசனையில் வரும், மழைச் சத்தத்தில் வரும், வேலையில் மூழ்கினால் விலகும், சும்மா இருந்தால் திரும்ப வரும். அதை நான் வளர்த்த விதம்தான் தப்பு. அம்மா அடுக்களையில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு மரச்சீனி வேகவைப்பாள். நான் இங்கே படுத்துக்கொண்டு மூன்று மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வார்டில் கூப்பிட்ட காபிக்குக்கூடப் போகவில்லை. அப்புறம் செபமாலை நேரம் மட்டும் என்று வைத்துக்கொண்டோம்.

அதிலும் ஒரு சிக்கல் வந்தது. அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலையில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். இப்போது நமக்கும் ஊருக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம், அன்றிலிருந்து நாலரை. வீட்டில் ஏழரைக்குச் செபமாலை என்றால் உனக்கு நாலு மணியாக இருந்தது மூன்று ஆகிவிடும். எனக்கு இது தெரியாமல் முதல் வருஷம் ஒரு வாரம் செபமாலை முடிந்த பிறகே கூப்பிட்டு, என்னை மறந்துவிட்டார்கள் என்று சண்டை போட்டேன். சாயங்கால டியூட்டி ஒன்பது மணிக்கு முடியும்போது அங்கே ராத்திரி ஒன்றரை. அந்த வாரங்களில் காலையில் பேசுகிறேன் என்று முன்னாலேயே சொல்லி வை. இல்லையென்றால் அம்மா முழித்துக்கொண்டே கிடப்பாள்.

ஒன்றை மட்டும் கவனித்துக்கொள். சாப்பாடு பிடிக்காமல், தூக்கம் கெட்டு, வீட்டிலிருந்து போன் வந்தால்கூட எடுக்கத் தோன்றாமல் இரண்டு வாரம் போனால் அது ஊர் நினைப்பு இல்லை. ஊர் நினைப்புக்காரி போனுக்குத் தவித்துக் கிடப்பாள். அப்படி ஆனால் இங்குள்ள உன் குடும்ப டாக்டரிடம் போ, என்னையும் கூப்பிடு. ஜெர்மனில் சொல்ல வராவிட்டால் நான் போனில் சொல்கிறேன்.

ஆப்பிரிக்கக் கடைகளில் மரச்சீனி கிடைக்கும், பெயர் மானியோக். சாளை வறுக்கும்போது ஜன்னலைத் திறந்து வை; என் பக்கத்து வீட்டுக்காரி வீட்டு உரிமையாளருக்கே கடிதம் எழுதினாள்.

டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா. அன்றைக்கு உனக்கு என்ன டியூட்டி என்று பார்த்து எழுது. லீவு கிடைத்தால் என் வீட்டுக்கு வா, சேர்ந்து மீன்கறி வைப்போம்.

அக்கா