ஏதோமா, மனுஷரா? வேதபாடக் குறிப்பு எழுதும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

ஸ்தோத்திரம்.

நீங்கள் தயாரித்து அனுப்பும் பெரியவர்களுக்கான வேதபாடப் புத்தகத்தை வைத்துத்தான் நான் எங்கள் சபையில் வகுப்பு எடுக்கிறேன். சில வாரங்களுக்கு முன் அப்போஸ்தலர் நடபடிகள் 15ஆம் அதிகாரம் வந்தது. உங்கள் குறிப்பில் ஒரு வரி: "ஆமோஸ் உரைத்ததை யாக்கோபு அப்படியே எடுத்துக் காட்டினார்." நானும் அதை அப்படியே வாசித்துவிட்டேன். கல்லூரியில் படிக்கிற தம்பி ஒருவன் ஆமோஸ் 9ஆம் அதிகாரத்தில் ஒரு விரலும் நடபடிகளில் ஒரு விரலுமாக வைத்துக்கொண்டு எழுந்து நின்றான். "அண்ணா, இங்கே ஏதோம் இருக்கு, அங்கே இல்லையே. எப்படி அப்படியே?"

உடன் இருந்த மூப்பர் ஒருவர், "அதெல்லாம் விசுவாசத்தில் எடுத்துக்கணும் தம்பி" என்று சொல்லி அவனை உட்கார வைத்துவிட்டார். நானும் சும்மா இருந்தேன். அந்த வெட்கத்தில்தான் இந்த மடல்.

அவன் கேட்டது சரியான கேள்வி. நம் பழைய தமிழ் வேதாகமத்தையே எடுத்துக்கொள்வோம். ஆமோஸில், "ஏதோமில் மீதியானவர்களையும்" சகல ஜாதிகளையும் "வசமாக்கிக்கொள்ளும்படிக்கு" விழுந்துபோன தாவீதின் கூடாரத்தைக் கர்த்தர் எடுப்பிப்பார். நடபடிகளிலோ, "மற்ற மனுஷரும்" சகல ஜாதிகளும் "கர்த்தரைத் தேடும்படிக்கு" அதே கூடாரம் எடுப்பிக்கப்படுகிறது. முதலாவதில் அண்டை நாட்டைக் கைப்பற்றுவது. இரண்டாவதில் உலகத்து மனிதர் எல்லாம் கடவுளைத் தேடி வருவது. இதை வார்த்தை வித்தியாசம் என்று மட்டும் சொல்லித் தாண்ட முடியாது, பொருளே மாறியிருக்கிறது.

எபிரெயத்தில் ஆமோஸ் சொன்னதற்கு அவர் காலத்தில் தெளிவான அர்த்தம் உண்டு. அவர் கி.மு. 8ஆம் நூற்றாண்டுக்காரர், தெக்கோவா ஊர்க்காரர். சாக்கடலுக்குத் தெற்கிலும் தென்கிழக்கிலும் இருந்த ஏதோமைத் தாவீது ஒரு காலத்தில் அடக்கி ஆண்டான். அந்த அரசு மறுபடி எழும்பும், இழந்த இடம் திரும்பக் கைக்கு வரும் என்பது அந்த வசனத்தின் நேர்ப்பொருள்.

அப்படியானால் மனுஷரும் தேடுதலும் எங்கிருந்து வந்தன? கிரேக்க மொழிபெயர்ப்பிலிருந்து. எழுபதின்மர் மொழிபெயர்ப்பு, செப்துவஜிந்த் என்று சொல்கிறோமே, அதுதான். எகிப்தின் அலெக்சாந்திரியாவில் 72 பேர் கூடி மொழிபெயர்த்தார்கள் என்ற கதை மோசேயின் ஐந்து ஆகமங்களைப் பற்றியது மட்டும். அந்த வேலை கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தீர்க்கதரிசிகளின் புத்தகங்கள் பிறகு வந்தவை. ஆமோஸ் உள்ளிட்ட பன்னிரண்டு சிறிய தீர்க்கதரிசிகளும் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்கமாயின என்பது பெரும்பாலான அறிஞர்களின் கணிப்பு. செய்தவர்கள் யூதர்கள். கிரேக்கம் பேசிய யூதர்களுக்காகவே செய்தார்கள்.

இந்தத் தேதியைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் இப்படிப்பட்ட வசனங்களில் இரண்டு பக்கமும் குற்றச்சாட்டு பறக்கும். கிறிஸ்தவர்கள் தங்கள் வசதிக்குத் திருத்திவிட்டார்கள் என்பார்கள் ஒரு சாரார். யூதர்கள்தான் மூலத்தை மாற்றிவிட்டார்கள் என்பார்கள் இன்னொரு சாரார். இந்த இரண்டாவது பேச்சு பழையது, 2ஆம் நூற்றாண்டில் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் வேறு சில வசனங்களைக் காட்டி இதையே எழுதியிருக்கிறார். ஆமோஸ் விஷயத்தில் இரண்டுமே நிற்காது. "மனுஷர் தேடும்படி" என்ற வாசகம், கிறிஸ்தவம் என்று ஒன்று உண்டாவதற்கு நூறு வருஷத்துக்கு மேல் முன்னாலேயே ஒரு யூத மொழிபெயர்ப்பாளர் எழுதிவைத்தது.

அவர் ஏன் அப்படி எழுதினார்? இங்கேதான் எழுத்துகளைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அந்தக் காலத்து எபிரெயத்தில் மெய்யெழுத்துகளைத்தான் எழுதுவார்கள். இன்று அச்சில் எழுத்துக்கு மேலும் கீழும் காண்கிற புள்ளிகள் மசோரெத்தியர் என்ற எபிரெய அறிஞர்கள் பல நூற்றாண்டு கழித்துச் சேர்த்தவை. ஏதோம் என்ற சொல்லில் ஆலெப், தாலெத், வாவ், மேம் என்று நான்கு எழுத்து. அதில் வாவ் இங்கே வெறும் 'ஓ' ஒலிக்குத் துணை, சில சமயம் எழுதுவார்கள், சில சமயம் விட்டுவிடுவார்கள். வாவை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஆலெப், தாலெத், மேம். அதையே ஆதாம் என்றும் படிக்கலாம். எபிரெயத்தில் ஆதாம் என்றால் மனிதன், மனிதகுலம். நம் ஓலைச்சுவடி படித்தவர்களுக்கு இது புதிதல்ல. ஓலையில் புள்ளி வைக்கமாட்டார்கள், எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. அது எரியா ஏரியா என்று இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்து வினைச்சொல். "வசமாக்கிக்கொள்வார்கள்" என்பது யீர்ஷூ. "தேடுவார்கள்" என்பது யித்ரெஷூ. எழுத்தில் பார்த்தால் முன்னதில் இரண்டாவதாக வரும் யோத், பின்னதில் தாலெத் ஆகிறது, அவ்வளவுதான். யோத் ஒரு சின்னக் கொக்கி. தாலெத்துக்கு மேலே கோடும் கீழே நீண்ட காலும் உண்டு. தோல்சுருள் தேய்ந்திருந்தாலோ, பிரதி எழுதியவர் யோத்தைக் கொஞ்சம் அழுத்தி இழுத்திருந்தாலோ ஒன்று மற்றதாகத் தெரிவது அதிசயமில்லை.

மூன்றாவது மாற்றம்தான் தமிழர்களுக்குச் சட்டென்று புரியும். எபிரெயத்தில் "ஏத்" என்று ஒரு சின்னச் சொல் உண்டு, நம் இரண்டாம் வேற்றுமை 'ஐ' செய்கிற வேலையை அது செய்யும். மூலத்தில் அது இருக்கிறது, எனவே "மீதியானவர்களை". கிரேக்கத்தில் அந்த 'ஐ' போய்விட்டது, "மீதியானவர்கள்" ஆகிவிட்டது. கைப்பற்றப்பட்டவர்கள் இப்போது தேடுகிறவர்கள்.

இந்த மூன்றாவது மாற்றம் ஒரு தடயத்தையும் விட்டுச் சென்றிருக்கிறது. செயப்படுபொருள் எழுவாயாக மாறிவிட்டதால் கிரேக்க ஆமோஸில் "தேடும்படி" என்ற வினை அந்தரத்தில் நிற்கிறது. யாரைத் தேட? பதில் இல்லை. சில கிரேக்கப் பிரதிகளில் பின்னால் வந்தவர்கள் "என்னை" என்றோ "கர்த்தரை" என்றோ சேர்த்து அந்த ஓட்டையை அடைத்திருக்கிறார்கள். நடபடிகளிலும் "கர்த்தரை" இருக்கிறது. தன் கருத்தைச் சொல்ல வேண்டுமென்றே வசனத்தை மாற்றி எழுதுகிற ஒருவர், அதன் முக்கியமான சொல்லை விட்டுவிட்டு வாக்கியத்தை நொண்ட விடுவாரா? அதனால்தான் அவர் தன் முன்னால் இருந்த எபிரெயப் பிரதியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. மற்றவர்கள் சிலர், உலகத்தார் எல்லாரும் வரவேண்டும் என்ற ஆசையில் தெரிந்தே இப்படிப் படித்தார் என்கிறார்கள். அவர் கையில் இருந்த பிரதியிலேயே எழுத்துகள் அப்படி இருந்திருக்கலாம் என்பது இன்னொரு கட்சி.

அவருக்கு ஏதோம் தெரியாது என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. அதே ஆமோஸின் 1ஆம் அதிகாரத்தில் மூன்று இடத்திலும் 2ஆம் அதிகாரத் தொடக்கத்திலும் அந்தப் பெயர் வருகிறது. நான்கிலும் "இதுமேயா" என்று சரியாகவே அந்நாட்டின் கிரேக்கப் பெயரைப் போட்டிருக்கிறார். 9:12இல் மட்டும்தான் மனுஷர்.

சரி, இப்போது எருசலேமுக்கு வருவோம். ஏறக்குறைய கி.பி. 49இல் கூடிய அந்தக் கூட்டத்தின் கேள்வி ஒன்றே ஒன்று: புறஜாதியார் விருத்தசேதனம் செய்துகொள்ளாமல் சபையில் சேரலாமா? யாக்கோபு ஆமோஸை எடுக்கிறார். எபிரெய வாசகத்தை வைத்துக்கொண்டால் பாதி வாதம்தான் தேறும். "என் நாமம் தரிக்கப்படும் சகல ஜாதிகள்" என்ற சொல் அதிலும் இருக்கிறது, ஆனால் அவர்கள் வசப்படுத்தப்படுகிறவர்களாக இருப்பார்கள். கிரேக்க வாசகத்தில் அவர்கள் தாங்களே தேடி வருகிறார்கள், யூதராக மாறாமல், ஜாதிகளாகவே. அந்தக் கூட்டத்துக்கு வேண்டியது இதுதான்.

எருசலேமில் அரமேயம் பேசிய யாக்கோபு கிரேக்க வேதத்திலிருந்தா மேற்கோள் காட்டினார் என்று உங்களில் யாராவது கேட்கலாம். பேச்சை நமக்கு எழுதித் தருபவர் லூக்கா, அவர் எழுதியது கிரேக்கத்தில். அந்தக் கூட்டம் அனுப்பிய கடிதம் போனது அந்தியோகியா, சீரியா, சிலிசியா பக்கத்துச் சபைகளுக்கு. அங்கே வாசித்தவர்களுக்கு வேதம் என்றால் கிரேக்க வேதம்தான். யாக்கோபின் வாயிலிருந்து வந்த சொற்கள் எவை, லூக்கா தன் வாசகருக்குப் பழகின வேதத்திலிருந்து போட்டவை எவை என்று பிரித்துக் காட்ட நம்மிடம் வழியில்லை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. நடபடிகளின் வாசகம் கிரேக்க ஆமோஸுக்கும் நகல் அல்ல. "அந்நாளிலே" என்று தொடங்க வேண்டியது "இதற்குப்பின்பு திரும்பிவந்து" என்று தொடங்குகிறது. "பூர்வநாட்களில் இருந்ததுபோல" என்பது காணவில்லை. ஆகவே எல்லாவற்றையும் செப்துவஜிந்தின் தலையில் கட்டிவிடவும் முடியாது. பெரிய திருப்பம், ஏதோம் மனுஷரானது, அதிலிருந்து வந்தது. சின்னச் சின்ன மாற்றங்கள் மேற்கோள் காட்டியவரின் கைவேலை.

எபிரெயத்திலிருந்து நேரே மொழிபெயர்த்த ஜெரோம், லத்தீன் ஆமோஸில் இதுமேயாவின் மீதியை வசமாக்குவது என்றே வைத்தார். அதே லத்தீன் வேதாகமத்தின் நடபடிகளில் மனிதர் கர்த்தரைத் தேடுகிறார்கள். பல நூற்றாண்டு லத்தீன் சபை இரண்டையும் ஒரே அட்டைக்குள் வைத்திருந்தது. நம் தமிழ் வேதாகமமும் அப்படித்தான் வைத்திருக்கிறது, ஒன்றை இழுத்து மற்றதோடு ஒட்டவைக்காமல். மொழிபெயர்த்தவர்கள் காட்டிய நேர்மையை நம் பாடக் குறிப்பு ஒரு "அப்படியே" போட்டுக் கெடுத்துவிட்டது.

அடுத்த பதிப்பில் அந்த ஒரு வரியை மாற்றிவிடுங்கள். இடம் குறைவு என்று தெரியும், அதனால் இவ்வளவு போதும்:

"யாக்கோபின் மேற்கோள், ஆமோஸ் 9:11-12இன் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பைப் பெரும்பாலும் தழுவியது. எபிரெய மூலத்தில் 'ஏதோமில் மீதியானவர்களை வசமாக்க' என்று இருப்பது, அதில் 'மனுஷரில் மீதியானவர்கள் தேட' என்று இருக்கிறது. எபிரெயத்தில் இவ்விரண்டு வாசிப்புகளுக்கும் எழுத்தளவில் வித்தியாசம் மிகச் சிறியது. வகுப்பில் இரண்டு இடங்களையும் திறந்துவைத்து வாசிக்கவும்."

அந்தத் தம்பி இப்போதும் வகுப்புக்கு வருகிறான். போன வாரம் ஒரு தாளில் நான்கு எபிரெய எழுத்துகளையும் வரைந்து காட்டி, நடுவில் இருந்த வாவை விரலால் மறைத்தேன். "ஓ, இதுதானா!" என்றான். அப்புறம் மத்தேயு முதல் அதிகாரத்தைத் திறந்து, ஏசாயாவில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, அடுத்த கேள்வியைக் கேட்டான்.

இப்படிக்கு,
உங்கள் பாடப் புத்தகத்தை வைத்து வகுப்பு எடுக்கும் ஒருவன்